காட்டுக்குள் ஏழு நிமிடம்: ஒரு வன்னி மேப்பில் இடங்களை அடுக்கிய கணக்கு

ஓபன் வேர்ல்ட் கேம் செய்ய இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒரு சதுர கிலோமீற்றருக்கு எத்தனை இடம் வைக்கலாம்? இடம் என்று இங்கே சொல்வது, விளையாடுகிறவர் தன் வழியை விட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கக்கூடிய எதையும். மரத்தடிக் கோயில், தூர்ந்த கிணறு, அச்சு முறிந்த வண்டில், பேச்சுக் கொடுக்க ஓர் ஆள், எல்லாமே அதில் அடக்கம். பாயிண்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் என்று தொழிலில் சொல்வார்கள்.

அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. நாங்கள் கிளிநொச்சியில் ஒரு சிறு குழுவாகச் செய்த மேப்பில், ஒரே அடர்த்தி வயல்வெளியில் 40 செக்கனுக்கு ஒரு இடத்தைக் கண்ணில் காட்டியது. காட்டுக்குள் அதே அடர்த்திக்கு ஏழு நிமிடம் நடக்க வேண்டியிருந்தது. ஏன் அப்படி, அதை எப்படிச் சரிக்கட்டினோம், எது இன்னும் சரிவரவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

மேப்

மேப் 4 கிலோமீற்றருக்கு 4 கிலோமீற்றர், அதாவது 16 சதுர கிலோமீற்றர். கிளிநொச்சி மாவட்டம் மட்டுமே ஏறத்தாழ 1,280 சதுர கிலோமீற்றர் என்பதால், நீளக் கணக்கில் ஒன்பதில் ஒன்றாகச் சுருக்கிய வன்னி என்று வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரையும் அப்படியே எடுக்கவில்லை. வடக்கு தெற்காக ஒரு வீதி, மேற்கே காடு, நடுவில் குளங்களும் அவற்றின் கீழே வயல்களும், கிழக்கே களப்பு. பரப்பில் பாதி, 8 சதுர கிலோமீற்றர், காடு. வயலும் குடியிருப்பும் 4. குளத்து நீர்ப்பரப்பு 2. களப்போரத்து வெளி 2.

விளையாடுகிறவர் வெளியில் செக்கனுக்கு 5 மீற்றர் ஓடுவார். காட்டுக்குள் பற்றையும் வேரும் தடுப்பதால் 3 மீற்றர்தான். வீதியில் சைக்கிள் கிடைக்கும், அதில் 10 மீற்றர். இந்த மூன்று வேகமும் பின்னால் கணக்கில் வரும்.

முதல் பதிப்பில் 160 இடங்கள் இருந்தன, சதுர கிலோமீற்றருக்குப் பத்து. மேப்பைச் சமமான கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக, வரிசை தெரியாமலிருக்க அங்கே இங்கே கொஞ்சம் நகர்த்தி வைத்திருந்தோம். ஒரு கட்டத்தின் பக்கம் 316 மீற்றர். வெளியில் ஓடினால் ஒரு நிமிடம், சைக்கிளில் அரை நிமிடம். காகிதத்தில் பார்த்தால் அழகான எண். த விட்சர் 3 (2015) செய்தவர்கள் 40 செக்கனுக்கு ஒரு தடவையாவது கவனத்தை இழுக்க ஏதாவது வர வேண்டும் என்று வைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் அதன் பக்கத்தில்தான் நின்றோம்.

விளையாடிப் பார்த்தவர்கள் சொன்னதோ இரண்டு நேரெதிர்க் குறைகள். வயலில் நின்றவர்கள், "மூச்சு விட விடுறியள் இல்லை" என்றார்கள். காட்டுக்குள் போனவர்கள், "ஒண்டுமே இல்லாத மேப்" என்றார்கள். ஒருவரே இரண்டையும் சொன்னதும் உண்டு. நடந்த தடத்தை மேப்பில் விழுத்திப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. காட்டுக்குள் போன சிலர், ஒரு இடத்துக்கு 60, 70 மீற்றர் பக்கத்தால் போயும் அதைப் பார்க்கவே இல்லை.

வலையின் அகலம்

பிரச்சினை அங்கேதான். இடம் இருப்பது ஒன்று, கண்ணில் படுவது வேறு. களப்பில் வலை இழுக்கிறவருக்குக் கிடைக்கிற மீன், தண்ணீரில் எத்தனை மீன் இருக்கிறது என்பதோடு வலையின் அகலத்தையும் இழுக்கிற வேகத்தையும் பொறுத்தது. நடக்கிற ஆளும் தன் பார்வையை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகிறார். இடப்பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதுவும், வலப்பக்கம் தெரிகிற தூரமும் சேர்ந்ததுதான் அந்த வலையின் அகலம். அதை எழுதினால் இப்படி வரும்:

```
T = 1 / (D × 2r × v)
```

T என்பது புதிய ஒரு இடம் கண்ணில் படுவதற்குச் சராசரியாக எடுக்கிற செக்கன். D ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை இடம் என்பது, r பார்வைத் தூரம், v வேகம். சதுர கிலோமீற்றருக்குப் பத்து என்றால் D = 0.00001.

வயல்வெளியில் r ஏறக்குறைய 250 மீற்றர். அகலம் 500, வேகம் 5. கணக்குப் பார்த்தால் T 40 செக்கன். காட்டுக்குள் r 40 மீற்றர்தான். பாலையும் வீரையும் அடர்ந்த காட்டில், கீழே பற்றையும் இருந்தால், அதுகூடத் தாராளம். அகலம் 80, வேகம் 3. T 417 செக்கன், ஏறக்குறைய ஏழு நிமிடம். விளையாடினவர்கள் சொன்ன இரண்டு குறையும் அப்படியே வந்துவிட்டன. வீதியோரக் காட்டை வெட்டி வைத்திருந்ததால் சைக்கிளில் போகிறவருக்கு இருபக்கமும் 60 மீற்றர் தெரியும். அங்கே T 83 செக்கன். வீதியைப் பற்றி யாரும் முறையிடாததன் காரணமும் அதுதான்.

இதே எண்களிலிருந்து இன்னொன்றையும் எடுக்கலாம். ஓரிடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் ஒரே நேரத்தில் எத்தனை இடம் தெரியும்? பார்வை வட்டத்தின் பரப்பை D-யால் பெருக்கினால் போதும். வயலில் இரண்டு. காட்டில் 0.05, அதாவது இருபது இடத்தில் நின்று பார்த்தால் ஒரு தடவைதான் ஏதாவது தெரியும். இரண்டு தெரிகிறவருக்கு எங்கே போவது என்று யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் மேப் திரையைத் திறந்து பார்க்கத் தொடங்குகிறார். எங்கள் பதிவுகளில் காட்டுக்குள் மேப் திரை திறந்த தடவைகள் வயலைவிட மிகக் கூட. ஒரு பகுதி சரியாக அமையவில்லை என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்டுகிற அளவு வேறில்லை என்று நினைக்கிறேன்.

r-ஐ எப்படி அளப்பது என்று கேட்பார்கள். என்ஜினில் கதிர் விட்டுப் பார்ப்பது ஒரு வழி, ஆனால் அது தடுப்பு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். தெரிவது ஒன்று, இன்னது என்று அடையாளம் காண்பது இன்னொன்று. 3 மீற்றர் உயரச் சூலக் கோயில் ஒன்றை எடுங்கள். உயரம் 1080 பிக்சல் திரை, செங்குத்தாக 60 பாகை பார்வை. 200 மீற்றரில் அந்தக் கோயில் 14 பிக்சல் உயரம்தான் இருக்கும். 400 மீற்றரில் ஏழு. ஏழு பிக்சலில் அது கோயிலா, வெட்டி விட்ட அடிமரமா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே எட்டுத் திசையிலிருந்தும் இடத்தை நோக்கி நடந்து, எந்தத் தூரத்தில் "அதோ கோயில்" என்று வாயில் வருகிறதோ அந்தத் தூரங்களின் சராசரியை எடுத்தோம். சிறிய போன் திரை என்றால் அந்தத் தூரம் இன்னும் குறையும்.

காட்டை நிரப்பாமல்

உடனே தோன்றுகிற மருந்து, காட்டுக்குள் இடங்களைக் கூட்டுவது. 90 செக்கனுக்கு ஒன்று கண்ணில் பட வேண்டுமென்றால் சதுர கிலோமீற்றருக்கு 46 வேண்டும், 8 சதுர கிலோமீற்றர் காட்டுக்கு 370. ஒரு சிறு குழுவால் அவ்வளவையும் ஒன்றுபோல இல்லாமல் செய்யவே முடியாது. செய்தாலும் அது காடாக இருக்காது. 150 மீற்றருக்கு ஒரு கட்டடமோ பொருளோ நிற்கிற இடத்தை வன்னிக்காரர் யாரும் காடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வேகத்தைக் கூட்டலாம், ஆனால் காடு தடுப்பதுதான் காட்டின் குணம். மிஞ்சுவது வலையின் அகலம்.

மரத்துக்கு மேலே புகை காட்டலாம், உயரக் கோபுரம் வைக்கலாம் என்று எழுதப்படுகிற ஆலோசனைகள் இங்கே பாதிதான் பொருந்தும். த லெஜண்ட் ஆஃப் செல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட் (2017) குழுவினர் அந்த வருடம் ஜப்பானின் செடெக் மாநாட்டில் தங்கள் முக்கோண விதியை விளக்கினார்கள். நிலத்தை முக்கோண வடிவ மேடுகளாக அமைத்தால், ஏறிப் போகலாமா சுற்றிப் போகலாமா என்று விளையாடுகிறவர் தெரிவு செய்வார்; மேட்டுக்குப் பின்னால் இருந்தது மெல்ல வெளிப்படும். மலை நாட்டுக்கு அருமையான விதி. வன்னியில் மேடு எங்கே இருக்கிறது? காட்டுக்குள் நிற்கிறவருக்குத் தலைக்கு மேலே இலைதான். புகை எழும்பினாலும் அவருக்குத் தெரியாது.

சத்தம் உள்ளே கேட்கும். கோயில் மணி 200 மீற்றருக்குக் கேட்டால் வலையின் அகலம் 80-இலிருந்து 400 ஆகிவிடுகிறது, T ஏழு நிமிடத்திலிருந்து 83 செக்கனுக்கு இறங்குகிறது. குளம் வான் பாய்கிற இரைச்சல், மாட்டு மணி, ஆள் நடமாட்டத்துக்குக் கத்துகிற ஆட்காட்டிக் குருவி என்று வன்னியில் கேட்கக் கிடைப்பவை நிறைய. ஆனால் எங்களிடம் விளையாடிய பொடியன்களில் பலர் போனில் சத்தத்தை அடைத்துவிட்டு விளையாடுகிறவர்கள். பஸ்ஸில், வீட்டில் ஆட்கள் படுத்த பிறகு, வேறு எப்படி விளையாடுவது? சத்தத்தை மட்டும் நம்பி ஒரு இடத்தை வைத்தால் அவர்களுக்கு அது இல்லாத இடம். சில இடங்களுக்குச் சத்தம் கொடுத்தோம், ஆனால் அதைத் தனி வழியாக எங்கும் வைக்கவில்லை.

கால் தடம்

காட்டைத் திருத்தினது வேறொன்று. அது கணக்கிலிருந்து வரவில்லை, விளையாட வந்தவர்களிடமிருந்து வந்தது.

பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, காட்டுக்குள் இறங்கினவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்கள். வன்னிப் பிள்ளைகளின் தடங்கள் வீதியிலும் குளக்கட்டிலும் வரப்பிலுமே ஓடின. மாங்குளம் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தியிடம் ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

"ஆளில்லாத பத்தைக்குள்ள ஏன் அண்ணா இறங்குவான்? கால் தடம் இல்லாத இடமெண்டா நாங்கள் போறேல்லை."

"இது கேம்தானே."

"கேம்தான். ஆனா கால் போகுதில்லையே."

2009-க்குப் பிறகு பல வருடங்கள், சிவப்பில் மண்டையோடு போட்ட கண்ணிவெடிப் பலகைகள் வீதியோரங்களில் நின்றன. பாதையை விட்டு இறங்காதே, நடந்த தடத்தில் நட என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். ஓபன் வேர்ல்ட் பற்றிய பேச்சில், காலி நிலத்தைக் கண்டால் ஆட்கள் அதற்குள் போய்ப் பார்ப்பார்கள் என்பது கேட்காமலே எடுத்துக்கொள்ளப்படுகிற ஒன்று. இங்கே அது பொய்த்தது. அவர்களைப் பொறுத்தவரை 8 சதுர கிலோமீற்றர் காட்டின் அடர்த்தி பத்தா ஐம்பதா என்பது பொருட்டே இல்லை.

ஆகவே ஒற்றையடிப்பாதைகள் போட்டோம். மாடு போகிற வழி, தேன் எடுக்கப் போகிறவர்களின் வழி, விறகு இழுத்த தடம். ஒவ்வொரு காட்டு இடத்திலிருந்தும் இரண்டு பக்கத்துக்கும் 200 மீற்றர்போல. புல் மிதிபட்டிருக்கும், ஒரு கிளை வெட்டியிருக்கும், மணலில் குளம்படி இருக்கும். வேறொன்றும் இல்லை.

கணக்கில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். 40 மீற்றர் ஆரமுள்ள புள்ளி, இப்போது குறுக்கே போகிற எவரையும் தடுக்கிற ஒரு கோடாகிவிட்டது. கோட்டை எந்தத் திசையிலிருந்தும் வந்து வெட்டலாம் என்பதால், சராசரியாக எடுத்தால் வலையின் அகலம் 80-இலிருந்து சுமார் 255 மீற்றருக்கு உயர்கிறது. மூன்று மடங்கு. ஏழு நிமிடம் இரண்டேகால் நிமிடமாகிவிட்டது, ஒரு இடத்தைக்கூடக் கூட்டாமல். அதுபோக, தடத்தில் கால் வைத்தவுடன் வேகம் 5 ஆகிவிடும் என்று மாற்றினோம். தடம் கண்டவர் 200 மீற்றரையும் 40 செக்கனில் போய்விடுவார்.

வன்னிப் பிள்ளைகளும் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைவிட அவர்கள் தடங்களைக் கூர்மையாகக் கண்டுபிடித்தார்கள் என்பது எங்களுக்கே ஆச்சரியம். மிதிபட்ட புல்லைப் படித்துப் பழகிய கண்.

அதற்குப் பிறகு காட்டில் இடங்களைக் குறைக்கவே முடிந்தது. 80 இடங்களை 60 ஆக்கினோம், T மூன்று நிமிடமாக ஏறியது. மூன்று நிமிடம் கூடத்தானே என்று குழுவில் ஒரு வாதம் நடந்தது. எனக்கு அது சரியான எண். வயலும் காடும் ஒரே தாளத்தில் போனால் காடு வெறும் பச்சை நிறச் சுவராகிவிடும். காட்டில் நடந்தால் நடந்தது மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் தடம் கிளை பிரிகிற இடம் ஒன்றாவது வர வேண்டும் என்று வைத்தோம். தெரிவு செய்ய ஏதாவது இருக்கும்வரை ஆட்கள் காலியாக உணர்வதில்லை.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். மேலே உள்ள வாய்பாடு, எங்கும் திக்கில்லாமல் நடக்கிற ஆளுக்கானது. தடம் போட்ட பிறகு யாரும் அப்படி நடப்பதில்லை, தடத்தோடு போகிறார்கள். ஆகவே அது முதல் மதிப்பீட்டுக்கு மட்டும்தான். அப்புறம் பதிவுகளில் ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையே உண்மையில் போன நேரத்தை எடுக்க வேண்டும். அதிலும் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. நீண்ட இடைவெளிகளை மட்டும் தனியே எடுத்து, அவை மேப்பில் எங்கே விழுகின்றன என்று பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

குளக்கட்டு

வயலில் பிரச்சினை தலைகீழ். 40 செக்கனுக்கு ஒன்று கண்ணில் பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நின்றால், நடப்பதைவிட நிற்பதே கூட. இங்கே 40 இடங்களை 20 ஆக்கினோம். அந்த இருபதையும் வயல் முழுக்கப் பரப்பவில்லை, குளக்கட்டுகளை அண்டி வைத்தோம். வன்னியில் ஊர் இருக்கிற விதமே அதுதான். கட்டு, துருசு, கட்டடியில் ஒரு கோயில், நிழலுக்கு ஒரு மருது, கீழே வாய்க்கால், அதன் கரையில் வீடுகள். தண்ணீர் எங்கேயோ அங்கேதான் எல்லாம். இரண்டு குளத்துக்கு நடுவில் ஒன்றுமில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, விளையாடுகிறவர் அந்தக் காரணத்தை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார். கட்டத்துக்கு ஒன்றாக அடுக்கியபோது அப்படி ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் விளையாடினவர்கள், "இனி ஒண்டு வரவேணுமே" என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

குளக்கட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தட்டையான நிலத்தில் ஏறிப் பார்க்கக் கிடைக்கிற ஒரே உயரம் அது. எங்கள் பெரிய குளத்தின் கட்டு 8 மீற்றர். காட்டுக்கு மேலால் பார்க்க அது போதாது, ஆனால் நீர்ப்பரப்புக்கு மேலால் 600 மீற்றர் தடையில்லாமல் தெரியும். எதிர்க்கரை ஒரு மேடைபோல முன்னால் விரிந்து கிடக்கும். தொலைவிலிருந்து தெரிய வேண்டிய எதையும் வைக்க மேப்பில் இதைவிட நல்ல இடம் இல்லை.

பழைய அடர்த்தியில் கட்டிலிருந்து ஐந்தாறு இடம் ஒன்றாகத் தெரிந்தன. அது கூட. ஆட்கள் ஒன்றைத் தெரிவு செய்யாமல், இடமிருந்து வலமாக எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனார்கள். கடை கடையாக ஏறி இறங்குகிற மாதிரி நேரான தடங்கள். எதிர்க்கரையில் மரங்களை நட்டு, கட்டின் எந்தப் புள்ளியில் நின்றாலும் மூன்றுக்கு மேல் தெரியாதபடி மறைத்தோம். கட்டின் மேலால் சைக்கிளில் போகும்போது ஒன்று மறைந்து இன்னொன்று தெரியும். மேடு செய்கிற வேலையை மரம் செய்தது.

குளத்தின் தண்ணீருக்குள் முதலில் கட்டக் கணக்கில் விழுந்த இருபது இடங்களும் இருந்தன. நான்கைத்தான் மிச்சம் வைத்தோம். நீரில் போவது மெதுவானது, போகிற வழியில் பார்க்க ஒன்றுமில்லை. விட்சர் 3 மேப்பில் ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிய கடல் முழுக்க, இன்னும் பார்க்காத இடம் என்று சிதறிக் கிடக்கிற கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகப் படகில் போய் முடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பார்த்தும் திரும்பாதவர்கள்

இடைவெளியைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. ஒரு இடம் பயன்படவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. ஆட்கள் அதைப் பார்க்கவே இல்லை என்றால் அது அடையாளத்தின் குறை. தடம், சத்தம், மரம் வெட்டுவது என்று போக வேண்டும். பார்த்தார்கள், திரும்பவில்லை என்றால், முன்பு அதே மாதிரி ஒன்றுக்குப் போய் ஏமாந்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்ணைப் பதிந்தோம்: பார்வைத் தூரத்துக்குள் வந்தவர் எத்தனை பேர், அவர்களில் அதை நோக்கித் திரும்பியவர் எத்தனை பேர்.

மிக மோசமாகக் கிடந்தவை கிணறுகள். மேப் முழுக்க ஒரே கிணறு, ஒரே வாளி, உள்ளே ஒரே காசு. முதல் கிணற்றுக்கு எல்லோரும் போனார்கள், மூன்றாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் வீதியிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. இடத்தை நகர்த்தி இதைத் தீர்க்க முடியாது. பாதிக் கிணறுகளை எடுத்துவிட்டு, மிஞ்சியவற்றில் ஒன்றில் மட்டும் காசை விட்டோம். ஒன்று உப்புத் தண்ணீர், ஒன்றில் கயிறு அறுந்திருக்கும், ஒன்றின் கட்டில் உட்கார்ந்திருக்கிற கிழவர் குளத்துக்குக் குறுக்கு வழி சொல்வார்.

நன்றாக ஓடியது துருசு. திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் போகும், போகிற வழியை விளையாடுகிறவர் பின்தொடர்வார், அது அவரை மூன்று வயல் தாண்டி இன்னொரு இடத்தில் விடும். அங்கே பரிசாக ஒரு பொருளும் கொடுக்கவில்லை. அடுத்த இடத்தைக் காட்டுவதே போதுமான பரிசாக இருந்தது.

சின்ன இடங்கள் எல்லாவற்றையும் எல்லோரும் காண வேண்டும் என்றும் இல்லை. ப்ரெத் ஆஃப் த வைல்டில் மேப் முழுக்க ஒளித்து வைத்திருக்கிற கொரொக் விதைகள் 900. பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். மிச்சம், எந்தப் பக்கம் போகிறவருக்கும் வழியில் ஏதாவது கிடைக்கட்டும் என்பதற்காக இருக்கிறது. எங்கள் காட்டு இடங்கள் அறுபதில் முப்பதைக் கண்டவருக்கே காட்டுப் பகுதியின் கதை முழுதாகக் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கணக்குக்கு வெளியே வைத்தோம். இடிந்த வீடுகள் மேப்பில் இருக்கின்றன; எடுப்பதற்கு அவற்றுக்குள் எதையும் வைக்கவில்லை. இதில் குழுவில் வாதமே நடக்கவில்லை. அவற்றை இட எண்ணிக்கையிலும் சேர்க்கவில்லை, ஆகவே மேலே வந்த எண்களில் அவை இல்லை.

களப்பு

மொத்தத்தில் 160 இடங்கள் 100-க்குச் சற்றுக் கீழே வந்தன. மேப் நிறைந்துவிட்டது என்று விளையாடினவர்கள் சொன்னது இதற்குப் பிறகுதான். களப்போரம் மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

அங்கே வாய்பாடு நம்மைக் கைவிடுகிறது. வெட்டவெளி, r 500 மீற்றர். மணலில் வேகம் 4. 90 செக்கனுக்கு ஒன்று என்றால் சதுர கிலோமீற்றருக்கு மூன்றுக்கும் குறைவாகவே போதும், இரண்டு சதுர கிலோமீற்றருக்கு ஐந்தாறு. ஆனால் கரையில் கால் வைத்தவுடனேயே அவற்றில் பாதி தெரிந்துவிடும். கண்ணில் படுவது இங்கே பிரச்சினையே இல்லை. கண்டதற்குப் பிறகு இரண்டு நிமிடம் மணலில் நடக்க வேண்டும், அந்த இரண்டு நிமிடத்தில் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. பலர் பாதியில் திரும்பினார்கள்.

இடங்களைக் கூட்டிப் பார்த்தோம். கரை சந்தைபோல ஆனது, எடுத்துவிட்டோம். இப்போது செய்துகொண்டிருப்பது, ஒரே இடத்தைத் தூரத்துக்கு ஒன்றாகக் காட்டுவது. 500 மீற்றரில் பார்த்தால் ஒரு வாடி, அவ்வளவுதான். 200 மீற்றரில் பக்கத்தில் வலை காயப்போட்டிருப்பது தெரியும், ஆக ஆள் இருக்கலாம். 100 மீற்றரில் கவிழ்த்துப் போட்ட தோணி. 50 மீற்றரில் தோணியை அண்மையில் இழுத்த தடம், அது வாடிக்குப் போகாமல் கண்டல் மரங்களுக்குள் போகிறது. கிட்டப் போகப் போக ஒரு புது விவரம் என்று அளந்து வைக்கிறோம். இடத்துக்கும் இடத்துக்கும் இடையே இருந்த இடைவெளிக் கணக்கு இப்போது ஒரே இடத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு வாடிகளை இப்படிச் செய்து விட்டிருக்கிறோம். பாதியில் திரும்புகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், ஆனால் சின்னத் திரைப் போனில் 200 மீற்றர் வலை எவருக்கும் தெரிவதில்லை. வலையைப் பெரிதாக்குவதா, வாடியைக் கிட்டக் கொண்டுவருவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.